ஹைலைட்ஸ் வீடியோவுக்கு கிரிக்கெட் வர்ணனை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடந்து முடிந்த ஆட்டத்தை ஒன்றரை நிமிடத்தில் திரும்பச் சொல்லும் வர்ணனை பற்றி அடிக்கடி வரும் கேள்விகள் இவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஆட்டத்தைத்தான் எடுத்திருக்கிறேன்: 2024 ஜூன் 29 அன்று பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதிய டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதிலும் கடைசி ஐந்து ஓவர் மட்டும்.

உள்ளதை மட்டும் சொன்னால் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. விறுவிறுப்பு எங்கிருந்து வரும்?

தேவையிலிருந்து வரும். இத்தனை பந்தில் இத்தனை ரன் என்ற அந்த ஒரு வரிதான் வீடியோவை இழுத்துக்கொண்டு போகிறது. ‘அனல் பறந்தது’, ‘மைதானமே அதிர்ந்தது’ எல்லாம் அந்த வரி இல்லாத இடத்தை நிரப்ப நாம் போடும் பஞ்சு.

அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா 7 விக்கெட்டுக்கு 176. தென்னாப்பிரிக்காவுக்கு இலக்கு 177. பதினைந்து ஓவர் முடிந்தபோது அவர்கள் 4 விக்கெட்டுக்கு 147. அதாவது 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட். அடுத்த ஓவரில் 4 ரன் வந்தது, தேவை 24 பந்தில் 26. அடுத்ததிலும் 4 ரன், 18 பந்தில் 22. அதற்கடுத்து 2 ரன், 12 பந்தில் 20. பத்தொன்பதாவது ஓவரில் 4 ரன், 6 பந்தில் 16.

இதை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஓவருக்கு 6 ரன் போதும் என்றிருந்தது ஆறரை ஆகிறது, ஏழு சொச்சம் ஆகிறது, பத்து ஆகிறது, கடைசியில் பதினாறு ஆகிறது. ஒரு உரிச்சொல் கூட இல்லாமலே கழுத்தை நெரிக்கிறது. எழுதுகிறவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு ஓவர் முடிவிலும் அந்த வரியை ஒரே அச்சில் திரும்பக் கொண்டுவருவதுதான். ‘இருபத்து நாலு பந்தில் 26’, ‘பதினெட்டு பந்தில் 22’ என்று அதே வடிவம், அதே இடம். இரண்டு தடவை கேட்டதும் பார்ப்பவர் மூன்றாவதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார். நடுவில் ஒரு இடத்தில் ‘இன்னும் கொஞ்சம்தான் தேவை’ என்று மாற்றி எழுதினால் அந்தக் கயிறு அறுந்துவிடும்.

எழுத உட்காருவதற்கு முன் எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பந்துக்குப் பந்து பட்டியல், முழு ஸ்கோர்கார்டு, அப்புறம் நீங்கள் பயன்படுத்தப்போகும் காட்சிகள். நினைவு மட்டும் கையில் இருக்கக் கூடாது. ஆட்டத்தை நேரலையில் பார்த்தவர்கள்தான் அதிகமாகத் தப்புப் பண்ணுகிறார்கள், ஏனென்றால் சரிபார்க்கத் தோன்றுவதில்லை. நானே ஒரு தடவை இந்த ஆட்டத்தைச் சொல்லும்போது, கடைசி ஓவரை பும்ரா வீசினார் என்று எழுதிவிட்டேன். மனதில் அப்படித்தான் பதிந்திருந்தது. பும்ராவின் நான்கு ஓவரும் பதினெட்டாவது ஓவரோடு முடிந்துவிட்டன. கடைசி ஓவர் ஹர்திக் பாண்டியாவுடையது.

பட்டியலைப் பார்த்து ஓவர் வாரியாக ரன்னை எழுதிக்கொண்டதும், கூட்டிப் பாருங்கள். 147, அதோடு 4, 4, 2, 4, கடைசி ஓவரில் 8. மொத்தம் 169. ஸ்கோர்கார்டிலும் தென்னாப்பிரிக்கா 8 விக்கெட்டுக்கு 169 என்றுதான் இருக்கிறது. கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு வைடையோ லெக் பையையோ விட்டிருப்பீர்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் குரல் பதிவுக்குப் போனால், தவறு தெரியவரும்போது வீடியோ வெளியே போயிருக்கும், கீழே நூறு பேர் திருத்தம் எழுதியிருப்பார்கள்.

புள்ளி வைத்து எழுதும் ஓவர் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. கிளாசன் ஆட்டமிழந்த பந்து 16.1 என்று பட்டியலில் இருக்கும். அது பதினாறாவது ஓவர் இல்லை. பதினாறு ஓவர் முடிந்து, பதினேழாவது ஓவரின் முதல் பந்து. அதே மாதிரி, இந்தியா 4.3 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 34 என்று இருந்ததைத் ‘நாலரை ஓவர்’ என்று சொல்வது தற்செயலாகச் சரியாக வருகிறது, ஏனென்றால் மூன்று பந்து என்பது அரை ஓவர்தான். ஆனால் 4.5 என்பதை யாராவது நாலரை என்று படித்தால் தவறு. அது நான்கு ஓவர், ஐந்து பந்து.

நடந்தது எது, நான் கற்பனை செய்வது எது என்று எப்படிப் பிரிப்பது?

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைச்சொல்லாகத் தொட்டு, இதை எங்கே பார்த்தேன் என்று கேளுங்கள். ஸ்கோர்கார்டில் என்று சொல்லலாம், அல்லது காட்சியில் என்று சொல்லலாம். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சொல் உங்களுடையது, ஆட்டத்தினுடையது அல்ல.

ஒரு சின்ன உதாரணம். பதினெட்டாவது ஓவரில் மார்கோ யான்சனை பும்ரா போல்டு செய்தார். முதல் வரைவில் நான் ‘ஸ்டம்ப் எகிறிப் பறந்தது’ என்று எழுதினேன். போல்டு என்ற பதிவிலிருந்து பெயில் விழுந்தது என்பது மட்டும்தான் உறுதி. ஸ்டம்ப் எகிறியதா, சாய்ந்ததா, அசையாமல் நின்றதா என்பதைக் காட்சியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். காட்சி கையில் இல்லாதபோது ‘போல்டு!’ என்ற ஒரு சொல் போதும். கேட்கிறவருக்கு அதுவே சுருக்கென்று இருக்கும்.

இதைவிட நுட்பமான இடம், கணக்கிலிருந்து கிளைக்கும் கற்பனை. பதினாறிலிருந்து பத்தொன்பது வரை நான்கு ஓவரில் 14 ரன் என்பது கூட்டலில் வருகிறது, தாராளமாகச் சொல்லலாம். அதிலிருந்து ‘நான்கு ஓவரில் ஒரு பவுண்டரி கூட இல்லை’ என்று தாவக் கூடாது. ஓவருக்கு 4 ரன் என்பது ஒரே ஒரு பவுண்டரியாகவும் இருக்கலாம், நான்கு ஒற்றை ரன்னாகவும் இருக்கலாம். 2 ரன் மட்டுமே போன பதினெட்டாவது ஓவரைப் பற்றி வேண்டுமானால் பட்டியல் பார்க்காமலே அப்படிச் சொல்லிவிடலாம். மற்ற மூன்றுக்கும் பந்துக்குப் பந்து பார்த்த பிறகுதான்.

வீரரின் மனநிலையைச் சொல்லாமல் எப்படி? பதற்றம்தானே ஆட்டமே?

பதற்றம் யாருக்கு என்பதுதான் கேள்வி. பார்க்கிறவருக்குப் பதற்றம் வர வேண்டும். அதற்காக ‘மில்லரின் கை நடுங்கியது’ என்று எழுத வேண்டியதில்லை. மில்லரின் மனதுக்குள் நாம் போகவில்லை. ‘ஆறு பந்தில் பதினாறு. மில்லர் இன்னும் இருக்கிறார்’ என்று சொன்னால் மீதியைப் பார்ப்பவரே போட்டுக்கொள்வார்.

இந்த ஆட்டத்தில் இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பதினேழாவது ஓவருக்கு முன்னால் ரிஷப் பந்தின் முழங்காலுக்குக் கட்டுப் போடுவதற்காக ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது. அது முடிந்து வந்த முதல் பந்திலேயே கிளாசன் அவுட். சும்மா விடுவோமா? ‘பந்த் போட்ட நாடகம் பலித்தது’ என்று எழுதக் கை பரபரக்கும். காட்சியில் இருப்பது, ஆட்டம் நின்றதும் கட்டுப் போட்டதும்தான். தாளத்தைக் கெடுக்கவே பந்த் அப்படிச் செய்தார் என்பது பின்னால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரோகித் சர்மா சொன்னது. ஆகவே இரண்டு வழி உண்டு. ‘ஆட்டம் நிற்கிறது. பந்தின் முழங்காலுக்குக் கட்டு. மறுபடி தொடங்குகிறது’ என்று வெறுமனே சொல்லி நகரலாம், அடுத்த பந்தே மீதியைச் சொல்லிவிடும். அல்லது, அதைப் பற்றி ரோகித் பின்னால் பேசினார் என்று பெயர் வைத்துச் சொல்லலாம். ஒன்றரை நிமிட வீடியோவில் இரண்டாவதற்கு இடமிருக்காது. நான் முதலாவதையே எடுப்பேன்.

‘பயந்துவிட்டார்கள்’, ‘கோட்டை விட்டுவிட்டார்கள்’ என்று தோற்ற அணிமேல் போடும் முத்திரையும் இந்த வகைதான். பும்ரா நான்கு ஓவரில் 18 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். எதிரணி பயந்ததா, இவர் நன்றாக வீசினாரா? இரண்டாவதற்குச் சான்று இருக்கிறது.

ஒரு முழு மாதிரி காட்ட முடியுமா?

சரி. கடைசி ஐந்து ஓவருக்கு நான் எழுதிய வடிவம் இது. சதுர அடைப்பில் இருப்பவை எடிட்டருக்கான குறிப்புகள், வாசிக்கக் கூடாது.

முப்பது பந்து... முப்பது ரன். கையில் ஆறு விக்கெட்.

அக்சர் படேல் வீசிய பதினைந்தாவது ஓவரில் மட்டும் 24! கிளாசன் நிற்கிறார். ஓவருக்கு ஆறு ரன் போதும்.

பும்ரா வருகிறார். ஆறு பந்து, நாலே ரன்.

இருபத்து நாலு பந்தில் 26.

[ரிஷப் பந்தின் முழங்காலுக்குக் கட்டுப் போடும் காட்சி, 3 நொடி, மைதான ஓசை மட்டும்]

மறுபடி ஆட்டம். ஹர்திக் கையில் பந்து. முதல் பந்து, வெளியே, மட்டையின் விளிம்பு, பந்த் கையில்... கிளாசன் அவுட்! இருபத்தேழு பந்தில் 52 அடித்தவர் வெளியேறுகிறார்.

இந்த ஓவரிலும் நாலுதான். பதினெட்டு பந்தில் 22.

பும்ராவுக்குக் கடைசி ஓவர். யான்சன்... போல்டு! ரெண்டே ரன், ஒரு விக்கெட்.

பன்னிரண்டு பந்தில் 20.

அர்ஷ்தீப். நாலு ரன்.

ஆறு பந்தில்... பதினாறு.

மில்லர் இன்னும் இருக்கிறார். ஹர்திக் ஓடி வருகிறார். ஃபுல் டாஸ், தூக்கி அடித்த பந்து, லாங் ஆஃப் எல்லைக்கு...

[பிடித்து முடிக்கும்வரை பேச்சு இல்லை]

சூர்யகுமார்! பிடித்து, மேலே எறிந்து, கோட்டைத் தாண்டி, திரும்பி வந்து, மறுபடி பிடித்தார்! மூன்றாவது நடுவர் பார்க்கிறார்... அவுட்!

ஐந்து பந்தில் 16. அடுத்த பந்து, ரபாடா, விளிம்பில் பட்டு... நாலு! நாலு பந்தில் 12.

[கடைசிப் பந்துவரை வேக வெட்டு]

ஏழு ரன் வித்தியாசம். 2007க்குப் பிறகு, டி20 உலகக் கோப்பை மறுபடி இந்தியாவுக்கு!

இதில் கவனித்தீர்களா, ‘அபாரம்’, ‘நம்ப முடியவில்லை’ என்று எங்கும் இல்லை. சூர்யகுமாரின் பிடியை ஐந்து வினைச்சொல்லில் அடுக்கியதுதான் அங்கே உச்சம். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால், அற்புதம் என்று சொல்லும் வேலையைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

ரபாடாவின் அந்த பவுண்டரியை வெட்டிவிட்டால் நேரம் மிச்சம். வெட்டலாமா?

வெட்டலாம். வெட்டுவது பொய் இல்லை, எந்த ஹைலைட்ஸும் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டிய இடத்தை எதைக் கொண்டு ஒட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ‘மில்லர் போனார், அத்தோடு கதை முடிந்தது’ என்று ஒட்டினால் அது பொய். அடுத்த பந்தே நாலு போய், 4 பந்தில் 12 என்று நின்றது. ‘கடைசி ஓவரில் வந்தது எட்டு ரன்’ என்று ஒட்டினால் உண்மை.

என்னைக் கேட்டால் அதை வெட்ட மாட்டேன். இந்தியா வென்ற கதையில் இந்தியாவுக்கு எதிரான ஒரு அடி கடைசி நேரத்தில் விழுவது எவ்வளவு நல்ல விஷயம்! பாதிப் பேர் அதை வெட்டிவிட்டு, போன இறுக்கத்தை இசையில் தேடுகிறார்கள்.

நிகழ்காலத்தில் எழுதுவதா, இறந்த காலத்திலா?

காட்சி ஓடும்போது நிகழ்காலம், எண்ணைச் சொல்லும்போது காலமே வேண்டாம். ‘பும்ரா வருகிறார்’ என்பது காட்சி. ‘பன்னிரண்டு பந்தில் 20’ என்பதற்கு வினையே கிடையாது. முடிவை அறிவிக்கும் சொல்லில் மட்டும் இறந்த காலம் வைத்தால் நன்றாக விழுகிறது: ‘மறுபடி பிடித்தார்!’

காலத்தைவிட முக்கியமானது சொல் வரிசை. தமிழில் வினை கடைசியில் வருவது நமக்குக் கிடைத்த சீதனம். ‘சூர்யகுமார் பிடித்துவிட்டார், லாங் ஆஃப் எல்லையில், மில்லர் தூக்கி அடித்த பந்தை’ என்று எழுதினால் முடிவு முதலிலேயே கொட்டிவிட்டது. ‘மில்லர் தூக்கி அடித்த பந்து, லாங் ஆஃப் எல்லையில், சூர்யகுமார் கையில்’ என்று போனால் கடைசிச் சொல்வரை வாயைத் திறந்துகொண்டு கேட்கலாம். பந்து போகும் வழியும் வாக்கியம் போகும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் வீசுபவர், பிறகு பந்து, பிறகு மட்டை, பிறகு பந்து போகும் திசை, கடைசியில் கை.

இன்னொன்று, முடிவு தெரிந்தவர் மாதிரி நடுவில் பேசாதீர்கள். ‘பின்னால் இதுதான் திருப்புமுனை ஆகப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது’ என்ற வாக்கியம் எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அது திருப்புமுனையா இல்லையா என்று அடுத்த இருபது நொடியில் தெரிந்துவிடப் போகிறது. அதற்குள் ஏன் அவசரம்?

ஒன்றரை நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுதலாம்?

மேலே இருக்கும் மாதிரியில் ஏறத்தாழ 120 சொல் இருக்கிறது. பரபரவென்று வாசித்தால் ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் மைதான ஓசைக்கு. சொல் எண்ணிக்கையை நம்பாமல் கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள், ஏனென்றால் ‘வெளியேறுகிறார்’ ஒரு சொல், ‘நாலு’ ஒரு சொல், இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றல்ல.

முதல் முறை எழுதுபவர்கள் முழு நேரத்தையும் பேச்சால் நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் எடிட்டர், சூர்யகுமாரின் பிடிமேலேயே யாரோ பேசிக்கொண்டிருப்பதைக் கொண்டுவந்து போடுவார். எங்கே வாயை மூட வேண்டும் என்பதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

‘வரலாற்றில் முதல்முறை’ என்று போட்டால் நன்றாக எடுபடுகிறதே?

எடுபடும், அதனால்தான் ஆபத்து. இதே ஆட்டத்தையே பாருங்கள். ‘ஐசிசி கோப்பை ஒன்றுகூட வெல்லாத தென்னாப்பிரிக்கா’ என்று அப்போது பலர் பேசினார்கள். 1998ல் டாக்காவில் நடந்த ஐசிசி நாக் அவுட் கோப்பையை அவர்கள் வென்றிருக்கிறார்கள். ‘தென்னாப்பிரிக்கா ஆடும் முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்’ என்று மாற்றி எழுதினாலும் தப்பவில்லை. 2023ல் அவர்களுடைய மகளிர் அணி டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடியது. ‘தென்னாப்பிரிக்க ஆண்கள் அணிக்கு முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்’ என்று எழுதினால்தான் சரியாக நிற்கிறது.

பார்த்தீர்களா, ஒரு சொல் கூடியதில் வேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முதல், ஒரே, அதிக, குறைந்த என்று ஒரு சொல் வந்தாலே எந்த வகை ஆட்டம், ஆண்களா பெண்களா, எந்த நாள் வரைக்கும் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலும் 6 பந்தில் 16 அப்படியேதான் இருக்கும்.

ஆட்டமே ஒருதலையாக முடிந்துவிட்டால்? அப்போது கொஞ்சம் ஊதித்தானே ஆக வேண்டும்?

வேண்டாம். ஒருதலையாக இருந்ததே செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை 15.2 ஓவரில் 50 ரன்னுக்கு ஆல் அவுட். சிராஜ் 21 ரன் கொடுத்து 6 விக்கெட், அதில் நான்கு ஒரே ஓவரில். இந்தியா விக்கெட் இழக்காமல் 6.1 ஓவரில் முடித்துவிட்டது. இங்கே ‘யார் ஜெயிப்பார்’ என்ற கேள்வியை வைத்து இழுத்தால் பார்ப்பவர் சிரிப்பார். அந்த ஒரு ஓவரை எடுத்துக்கொண்டு, விக்கெட் எண்ணிக்கையைத் தேவை வரி மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ‘ஒன்று’... ‘ரெண்டு’... ‘மூணு’... ‘நாலு’. ஓவர் இன்னும் முடியவில்லையா என்று கேட்கத் தோன்றும். அந்த நாலு விக்கெட்டுக்கு நாற்பது நொடி, மீதி ஆட்டம் முழுவதற்கும் பதினைந்து நொடி. விகிதம் கோணலாக இருந்தால் இருக்கட்டும், ஆட்டமே அப்படித்தான் இருந்தது.

எல்லோருக்கும் பிடித்த கடைசி அடி இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் நெருக்கடியே இல்லை. என்ன செய்வது?

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், தோனியின் சிக்ஸர். பலர் இதைக் கடைசி ஓவர், கடைசி நொடி என்று எழுதுகிறார்கள். அது நாற்பத்தொன்பதாவது ஓவரின் இரண்டாவது பந்து. அந்தப் பந்துக்கு முன் 11 பந்தில் 4 ரன்தான் வேண்டியிருந்தது. அங்கே பதற்றத்தை ஊதினால் பொய்யாகிவிடும். அந்த அடியின் எடை வேறு இடத்தில் இருக்கிறது, 1983க்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்ததில்.

பதற்றம் வேண்டுமென்றால் அது ஆட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. இலக்கு 275. இரண்டாவது பந்திலேயே சேவாக் பூஜ்யத்தில் அவுட். டெண்டுல்கர் 18ல் அவுட். 31 ரன்னுக்கு 2 விக்கெட். இரண்டையும் எடுத்தவர் மலிங்கா. வீடியோவை அங்கே தொடங்குங்கள். பிறகு கம்பீரும் கோலியும் 83 ரன், கம்பீரும் தோனியும் 109 ரன் என்று ஏறிக்கொண்டே போய், அந்த சிக்ஸரை மூச்சு விடும் இடமாக வையுங்கள். இழுத்துப் பிடித்த மூச்சை முதல் பாதியிலேயே சம்பாதித்துவிட்டால் கடைசியில் ஊத வேண்டிய தேவை வராது.

சொல்லில் சரியாக இருக்கிறேன். எடிட்டிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் பெரிய பொய்கள் இங்கேதான் நடக்கின்றன. கிளாசன் அவுட்டானதும் தலையில் கை வைக்கும் ஒரு ரசிகரைக் காட்டுகிறீர்கள். அவர் தலையில் கை வைத்தது ஐந்து ஓவருக்கு முன்னால், வேறு எதற்கோ. வர்ணனையில் ஒரு சொல்லும் தவறில்லை, ஆனால் வீடியோ கற்பனை. எதிர்வினைக் காட்சியை அந்தப் பந்துக்கு அடுத்த சில நொடிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் ஸ்கோர் அட்டையைக் காட்டுங்கள். திரையின் மூலையில் வேறு ஸ்கோர் தெரிந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர்.

சேமிப்பிலிருந்து எடுத்த கைதட்டல் ஓசையை ஏற்றுவதும் அதே கதைதான். ஒரு விக்கெட்டுக்கு மைதானம் அமைதியானால், அந்த அமைதியை அப்படியே விடுங்கள். எனக்குத் தெரிந்து, ஆரவாரத்தைவிட அந்த அமைதிதான் தலையைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

ஒளிபரப்புக் காட்சியும் நேரலை வர்ணனையாளர் பேசிய வார்த்தைகளும் மற்றவர்களுக்கு உரிமையானவை என்பதையும் மறந்துவிட வேண்டாம். அனுமதி இல்லாதபோது எண்களை வைத்துச் செய்த வரைபடமும் உங்கள் குரலும் மட்டும் போதும். முப்பது பந்தில் முப்பது என்பது ஆறு பந்தில் பதினாறு ஆகும் அந்த இறக்கத்தை ஒரு கறுப்புத் திரையில் வெறும் எண்ணாக ஓடவிட்டு ஒருவர் செய்ததைப் பார்த்தேன், கடைசிவரை கண்ணை எடுக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்தது. வெளியிடுவதற்கு முன் ஒரே ஒரு சரிபார்ப்பு செய்ய நேரம் இருக்கிறது. எதைச் செய்வது?

ஆட்டத்தைப் பார்த்த ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கையில் பந்துக்குப் பந்து பட்டியலை வைத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள். எங்கே அவர் ‘அப்படியா? எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே’ என்று நிறுத்துகிறாரோ, அங்கே பட்டியலைப் பாருங்கள். பாதி நேரம் அவருடைய ஞாபகம்தான் தவறாக இருக்கும். மீதிப் பாதியில், பதிவு அறையை இன்னும் பூட்டவில்லையே என்று நிம்மதியாக இருக்கும்.